சாப்பிட்ட பின் நடை, சாப்பிடுமுன் நடுக்கம்

குளுக்கோமீட்டரில் 100 என்று காட்டுகிற ஒருவரின் உடலில் ஓடும் மொத்த ரத்தத்தையும் எடுத்துக்கொண்டால், அதில் கரைந்திருக்கும் குளுக்கோஸ் சுமார் 5 கிராம்தான். ஒரு தேக்கரண்டி அளவு. அதே மனிதர் மதியம் 300 கிராம் வடித்த சோறு சாப்பிட்டால், குழம்பு, பொரியல் கணக்கையெல்லாம் விட்டுவிட்டாலும், சோற்றிலிருந்து மட்டும் ஏறக்குறைய 80 கிராம் மாவுச்சத்து உள்ளே போகிறது. அது செரித்துக் குளுக்கோஸாகி இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ரத்தத்தில் வந்து சேரும். ஒரு தேக்கரண்டி இருக்க வேண்டிய இடத்தில் பதினாறு தேக்கரண்டி.

சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இதே வெள்ளம்தான் வருகிறது. ஆனால் முதல் கவளம் இறங்கிய சில நிமிடங்களிலேயே கணையம் இன்சுலினைச் சுரந்துவிடும். கல்லீரல் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், பெரும்பங்கு தசைகளுக்குப் போகும். இரண்டாம் வகை நீரிழிவில் இரண்டு இடத்தில் சிக்கல். அந்த முதல் சுரப்பு தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. வந்த இன்சுலினின் பேச்சையும் தசை சரியாகக் கேட்பதில்லை. அதனால்தான் வெறும் வயிற்றில் 120 காட்டுகிறவருக்குச் சாப்பிட்ட பிறகு 240 வருகிறது. சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து ஒரு மணி, ஒன்றரை மணி நேரத்தில் அந்த ஏற்றம் பெரும்பாலும் உச்சத்துக்குப் போகும்.

இந்த இடத்தில்தான் நடை உதவிக்கு வருகிறது.

தசைச் செல்லுக்குள் குளுக்கோஸ் தானாக நுழைய முடியாது. குளுட்-4 என்கிற புரதம்தான் அதற்குக் கதவு. சும்மா இருக்கும் நேரத்தில் இந்தக் கதவுகள் செல்லின் உள்ளே மடங்கிக் கிடக்கும். இன்சுலின் வந்து சொன்னால் அவை மேற்பரப்புக்கு வந்து திறக்கும். ஆனால் இன்சுலின் சொல்லாமலேயே அவற்றை மேலே கொண்டுவர இன்னொரு வழியும் உண்டு: தசை சுருங்கி விரிவது. காலைத் தூக்கி வைக்கும் ஒவ்வொரு முறையும் தொடையிலும் கெண்டைக்காலிலும் அந்த வேலை நடக்கிறது. இன்சுலினுக்கு மசியாத தசைகூட நடைக்கு மசிகிறது. இந்த இரண்டாவது பாதை இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் கெடாமல் இருக்கிறது என்பது, என் பார்வையில், இந்த நோயைப் பற்றி ஒருவர் தெரிந்துகொள்ள வேண்டிய மிக நல்ல செய்தி.

நேரம் ஏன் முக்கியம்?

நம் ஊரில் வாக்கிங் என்றால் விடியற்காலைதான். ஐந்தரை மணிக்குப் பூங்காவில் ஏழெட்டுச் சுற்று, திரும்பி வந்து குளியல், டிபன், பிறகு நாற்காலி. இதயத்துக்கும் எடைக்கும் தூக்கத்துக்கும் அது நல்லதுதான். அதை விடச் சொல்லவில்லை. ஒரு நல்ல நடைக்குப் பின் தசைகள் ஒரு நாள், இரண்டு நாள் வரை இன்சுலினுக்குக் கொஞ்சம் அதிகமாகவே இணங்கும். ஆனால் வெள்ளம் வராத நேரத்தில் கதவைத் திறந்துவிட்டு, வெள்ளம் வரும் நேரத்தில் உட்கார்ந்துவிடுகிறோம்.

இதை நேருக்கு நேர் வைத்துப் பார்த்த ஆய்வுகள் உண்டு. 2013-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், சர்க்கரை நோய் வரும் வாய்ப்புள்ள அறுபது வயது தாண்டிய 10 பேரை வைத்துச் செய்தது ஒன்று. காலையில் 45 நிமிடம், மாலையில் 45 நிமிடம், அல்லது மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பின்னும் 15 நிமிடம் என்று மாற்றி மாற்றி நடக்க வைத்தார்கள். மொத்த நேரம் ஒன்றேதான். இரவுச் சாப்பாட்டுக்குப் பிந்தைய ஏற்றத்தை அடக்கியதில் மூன்றாகப் பிரித்த நடையே முன்னால் நின்றது. பத்துப் பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் 2016-ல் நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தினர், ஏற்கெனவே இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 41 பேரிடம் பார்த்ததும் அதே திசையைத்தான் காட்டியது. நாளுக்கு 30 நிமிடம் எப்போது வேண்டுமானாலும் நடந்த நாட்களைவிட, ஒவ்வொரு பெரிய சாப்பாட்டுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்த நாட்களில், சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் சராசரியாக 12 சதவீதம் குறைவு. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மட்டும் 22 சதவீதம் குறைவு.

இரவில் பலன் கூடியதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மாவுச்சத்து மிகுந்த வேளை பலருக்கு இரவுதான், அதன் பிறகு உடம்பு அசைவதே இல்லை. நம் வீடுகளும் அப்படித்தான். ஒன்பது மணிக்கு மூன்று தோசை, பிறகு சோபா, பத்தரைக்குப் படுக்கை. ஒரே ஒரு வேளைதான் நடக்க முடியும் என்று யாராவது கேட்டால் இரவுச் சாப்பாட்டைத்தான் சொல்வேன்.

செய்முறையில் பெரிய வித்தை இல்லை. கை கழுவிய பதினைந்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் கிளம்பினால், ஏற்றம் உச்சத்தைத் தொடுமுன் தசைகள் வேலையைத் தொடங்கியிருக்கும். பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். பக்கத்தில் வருபவரோடு மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகம் போதும். மொட்டை மாடி, தெரு, மழை நாளில் வீட்டுக்குள் கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே, எதுவும் சரிதான். "சாப்பிட்டதும் நடந்தா செரிக்காது" என்பார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஓடினால் பிடித்து இழுக்கும், உண்மை. மெதுவான நடைக்கு அந்தத் தொல்லை பெரும்பாலோருக்கு வராது. ஆனால் சாப்பிட்ட பின் நடக்கும்போது நெஞ்சு கனத்தாலோ, தாடை, இடது தோள் பக்கம் இழுத்தாலோ, அதை வாயு என்று தள்ளிவிடக் கூடாது. சாப்பாட்டுக்குப் பின் இதயத்தின் வேலை கூடுகிறது. அதனோடு நடையும் சேரும்போது ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் அப்போதுதான் வெளியே தெரியும்.

பலன் இருக்கிறதா என்று உங்கள் உடம்பிலேயே பார்க்கலாம். இரவு ஒரே சாப்பாடு, உதாரணமாக நான்கு இட்லி, அதே சாம்பார். சாப்பிடுமுன் ஒரு முறை, சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். நடக்காத நாட்கள் சில, நடந்த நாட்கள் சில. ஒரே நாளை வைத்து முடிவுகட்ட வேண்டாம். வீட்டு மீட்டர்களுக்குச் சர்வதேசத் தர விதியே 100-க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் இருக்க இடம் தருகிறது. உண்மையில் 180 இருந்தால் மீட்டர் 160 என்றும் சொல்லலாம், 200 என்றும் சொல்லலாம். நாலைந்து முறை எடுத்து ஒப்பிட்டால்தான் நடை செய்த வேலை எது, மீட்டரின் ஆட்டம் எது என்று பிரியும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். விடியற்காலை வெறும் வயிற்றில் வேகமாக நடந்துவிட்டு வந்து பார்த்தால் சிலருக்குச் சர்க்கரை முன்பைவிடக் கூடியிருக்கும். விடியும் நேரத்தில் கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கல்லீரலிலிருந்து குளுக்கோஸை வெளியே விடுகின்றன. கடும் உழைப்பில் அட்ரினலினும் அதையே செய்கிறது. படியேற்றம், எடை தூக்குதல், மூச்சு முட்டும் ஓட்டம் ஆகியவற்றுக்குப் பின்னும் இப்படி ஆகலாம். அது கொஞ்ச நேரத்தில் தானாக இறங்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் கூட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

அதே நடை, வேறு விளைவு

மருந்து எதுவும் எடுக்காத ஒருவர் ஒரு மணி நேரம் நடந்தால் ஏன் மயங்கி விழுவதில்லை? தசை குளுக்கோஸை இழுக்க ஆரம்பித்ததும் கணையம் இன்சுலின் சுரப்பைக் குறைத்துவிடுகிறது, குளுக்ககானைக் கூட்டுகிறது. இன்சுலின் குறைந்ததும் கல்லீரல் தன் கையிருப்பைத் திறக்கிறது. தசை எடுத்த அளவுக்குக் கல்லீரல் ஊற்றுகிறது. அந்த ஐந்து கிராம் அப்படியே நிற்கிறது.

இன்சுலின் ஊசி போட்டவருக்கோ, கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை சாப்பிட்டவருக்கோ இந்தச் சமநிலை கிடையாது. தோலுக்கடியில் போன இன்சுலினைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரை நெருக்கும் கணையம், நடக்கிறோம் என்பதற்காகச் சுரப்பைப் போதிய அளவு குறைக்காது. இன்சுலின் மிஞ்சி நிற்கும்வரை கல்லீரல் தன் கையிருப்பைத் திறப்பதில்லை. ஒரு பக்கம் தசை இழுக்கிறது, மறுபக்கம் வரத்து அடைபட்டிருக்கிறது.

இதை முதலில் எண்களில் காட்டியவர்களில் ஒருவர் லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனை மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ். அவரே நீரிழிவு நோயாளி. இன்சுலின் வந்திருக்காவிட்டால் பிழைத்திருக்க மாட்டார். உடல் உழைப்போடு சேரும்போது அதே அளவு இன்சுலின் சர்க்கரையைக் கூடுதலாக இறக்குகிறது என்று 1926-ல் எழுதினார். நூறு ஆண்டாகத் தெரிந்த செய்தி. நம் மருந்துச் சீட்டுகளில் "தினமும் வாக்கிங்" என்று எழுதும்போது அது கூடவே எழுதப்படுவது அரிதாக இருக்கிறது.

எந்த மாத்திரை என்று தெரிந்துகொள்ள அட்டையின் பின்பக்கம் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படியுங்கள். கிளிமெபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு, கிளிபிசைடு ஆகியவை கணையத்தை நெருக்குபவை, ரெபாக்ளினைடும் அப்படியே. மெட்ஃபார்மின் தனியாக எடுத்தால் நடையால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. சிட்டாகிளிப்டின், வில்டாகிளிப்டின் வகையும், டாப்பாகிளிஃப்ளோசின் வகையும் தனியாக இருந்தால் அப்படித்தான். ஆனால் இவை கிளிமெபிரைடோடு ஒரே மாத்திரையில் கலந்து வருவது நம்மிடம் மிகச் சாதாரணம். ஆகவே "நான் ஒரு மாத்திரைதான் போடுறேன்" என்பது பதிலாகாது. அந்த ஒன்றுக்குள் என்னென்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒரு வெள்ளிக்கிழமை

இனி வருவது ஒரு தனி நபரின் கதை இல்லை. பல வீடுகளில் நடப்பதைச் சேர்த்து ஒரே வீட்டில் வைத்துச் சொல்கிறேன்.

மதுரையில் ஒரு தம்பதி. கணவருக்கு 67, மெட்ஃபார்மின் மட்டும். அம்மாவுக்கு 62, கிளிமெபிரைடு 2 மில்லிகிராம், மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் கலந்த மாத்திரை. வழக்கமாக ஏழே முக்காலுக்கு மாத்திரை, எட்டு மணிக்கு இட்லி. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு வந்துதான் சாப்பாடு. மாத்திரை மறந்துவிடக் கூடாதே என்று அம்மா ஏழு மணிக்கே போட்டுக்கொண்டார். அப்போது சர்க்கரை 112. சர்க்கரை இல்லாத காபி ஒரு டம்ளர். இருவரும் நடந்தே போனார்கள், பிராகாரம் சுற்றினார்கள், அன்று வரிசை நீளம். வீட்டுக்குத் திரும்பும்போது மணி ஒன்பதரை.

வாசலிலேயே அம்மாவுக்கு எரிச்சல். செருப்பை ஏன் குறுக்கே போட்டிருக்கிறீர்கள் என்று யாரிடமும் இல்லாத கோபம். பிறகு புடவை நனைகிற அளவு வியர்வை, கை நடுக்கம், கண் மங்கல். "ஏங்க, என்னமோ பண்ணுது" என்று திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். மருமகள் ஓடிவந்து, "அத்தை, இந்தாங்க, சர்க்கரைத் தண்ணி குடிங்க" என்று மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்துக் கொடுத்தார். விரலில் குத்திப் பார்த்தால் 58. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் 61. ஏறவே இல்லை.

மருமகள் செய்ததில் தவறு இல்லை. காரணம் மாத்திரையின் மூன்றாவது பெயரில் இருக்கிறது. நாம் காபியில் போடும் சர்க்கரை அப்படியே ரத்தத்தில் சேராது; குடலில் ஒரு நொதி அதை உடைத்தால்தான் குளுக்கோஸ் கிடைக்கும். வோக்ளிபோஸும் அகார்போஸும் அந்த நொதியைத்தான் மட்டுப்படுத்துகின்றன. சோறு மெதுவாகச் செரிக்கட்டும் என்று கொடுத்த மருந்து, அவசரத்துக்குக் கொடுத்த சர்க்கரையையும் மெதுவாக்கிவிட்டது. இந்த மருந்து எடுப்பவர்கள் வீட்டிலும் பையிலும் மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் தூள் வைத்திருக்க வேண்டும். உடைக்க வேண்டியதில்லை, அப்படியே சேரும். பக்கத்து வீட்டிலிருந்து வந்த குளுக்கோஸ் தூளைக் குவித்து மூன்று தேக்கரண்டி, அதாவது சுமார் 15 கிராம், தண்ணீரில் கலந்து கொடுத்த பிறகுதான் அடுத்த கால் மணியில் 84 வந்தது. உடனே இட்லியும் கொடுத்தார்கள். குளுக்கோஸ் ஏற்றியது நிலைக்காது, சாப்பாடு தொடர வேண்டும்.

அன்று அத்தோடு முடிந்தது என்று விட்டுவிடவும் முடியாது. கிளிமெபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்கிற மருந்து. அன்று மதியமும் இரவும் சர்க்கரை பார்க்க வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் பலவீனமான முதியவர்களுக்குக் கிளிபென்கிளமைடால் சர்க்கரை இறங்கினால், ஏறியது மீண்டும் மீண்டும் இறங்கும். அவர்களை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

அதே கோயில், அதே நடை, அதே பசி. கணவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. சர்க்கரையை இறக்கிய வேறுபாடு கிளிமெபிரைடு மட்டும்தான். போட்ட இரண்டு மூன்று மணி நேரத்தில் அது ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். ஏழு மணி மாத்திரைக்கு ஒன்பது, பத்து மணி. சரியாக அந்த நேரத்தில் வயிறு காலி, கால் நடையில். மாத்திரையை முதல் இட்லியோடு சேர்த்துப் போட்டிருந்தால், அல்லது கோயிலுக்கு முன்பே சாப்பிட்டிருந்தால், அதே நடை அந்த அம்மாவுக்கு நன்மையாகவே முடிந்திருக்கும்.

ஊசி போடுபவர்கள்

இன்சுலின் எடுப்பவர்களுக்கு நேரக் கணக்கு இன்னும் நுணுக்கமானது. 30/70 கலவை இன்சுலினைக் காலையில் போட்டால், அதன் விரைவுப் பங்கு டிபனைப் பார்த்துக்கொள்ளும். மெதுவான பங்கு முற்பகலிலிருந்து மாலை வரை நீளும். மதியச் சாப்பாடு தள்ளிப்போகும் நாளில் தோட்ட வேலை, மாலையில் எதுவும் சாப்பிடாமல் ஷட்டில் ஆட்டம், இரண்டும் அந்தப் பங்கோடு மோதும். தொடையில் ஊசி போட்டுவிட்டு உடனே நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உறிஞ்சப்படும். நடக்கப்போகிற வேளைக்கு வயிறு நல்லது.

கிளம்புமுன் விரலில் குத்திப் பார்ப்பது இவர்களுக்குக் கட்டாயம். 90-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் மாவுச்சத்து, ஒரு சின்ன வாழைப்பழம் மாதிரி, சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் வகை நீரிழிவு உள்ளவருக்கு 250-க்கு மேல் இருந்தால் கதை நேரெதிர். இன்சுலின் போதாமல் கீட்டோன் சேர்ந்திருக்கலாம். அதைச் சோதிக்காமல் உடற்பயிற்சியில் இறங்கக் கூடாது.

அதிகம் பேசப்படாதது இரவுச் சரிவு. நீண்ட உழைப்பில் தசை தன் சேமிப்பான கிளைக்கோஜனைக் கரைத்துவிடுகிறது; பிறகு பல மணி நேரம் ரத்தத்திலிருந்து இழுத்து அதை நிரப்பிக்கொள்கிறது. மாலையில் உழைத்தவருக்கு நள்ளிரவு தாண்டி, உழைத்து ஏழு முதல் பதினோரு மணி நேரம் கழித்துகூட, சர்க்கரை இறங்கலாம். கல்யாண வீட்டு வேலை, வீடு மாற்றுதல், தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை போன்ற நாட்களில் இதை எதிர்பார்க்க வேண்டும். தூங்குபவருக்கு நடுக்கம் தெரியாது. தலையணை நனைவது, கெட்ட கனவு, காலையில் தலைவலியும் அசதியும், இவைதான் துப்பு. அப்படிப்பட்ட நாளில் படுக்குமுன் சர்க்கரை பார்த்து, 100-ஐ ஒட்டியோ கீழோ இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்க வேண்டும். இரவு இன்சுலினை எவ்வளவு குறைப்பது என்பதை யாத்திரைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். தாமாக நிறுத்திவிடக் கூடாது, முதல் வகையினர் ஒருபோதும் கூடாது.

எப்படித் தெரிந்துகொள்வது?

70-க்குக் கீழே போனால் தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே என்றால் மூளைக்கே தட்டுப்பாடு. பெரும்பாலும் முதலில் வருவது பசி, வியர்வை, நடுக்கம், படபடப்பு. பிறகு பேச்சு குழறல், தடுமாற்றம், காரணமில்லாத கோபம். ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் அமுங்கிவிடலாம். வியர்வை மட்டும் மிஞ்சும். நடந்தால் எப்படியும் வியர்க்கும் என்பதால் அதையும் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள். நடை முடிந்து நிழலில் உட்கார்ந்த பிறகும் வியர்வை நிற்கவில்லை என்றால் சோதித்துப் பார்க்க வேண்டும். நேற்று ஒரு முறை இறங்கியிருந்தால் இன்று உடம்பின் எச்சரிக்கை மங்கலாகவே வரும். அடுத்த நாள் தனியாக நீண்ட தூரம் போகாமல் இருப்பது நல்லது.

எல்லா மயக்கமும் சர்க்கரை இல்லை. வயதானவர்களுக்குச் சாப்பிட்டபின் எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கியும் தலை சுற்றும். மாதக்கணக்கில் 300-ல் இருந்தவருக்கு 120-க்கு வந்தாலே லோ சுகர் மாதிரி இருக்கும். மீட்டர் கையில் இருந்தால் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்; இல்லையென்றால் காத்திருக்காமல் குளுக்கோஸைக் கொடுத்துவிடலாம். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் போய்விடும். பக்கவாட்டில் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குப் பின் நடக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் எண்கள் இறங்கத் தொடங்கும். அந்த எண்களை, நேரத்தோடும் மாத்திரை போட்ட மணியோடும் சேர்த்து ஒரு நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சாப்பாட்டுக்கு முன் 80, 75 என்று அடிக்கடி வந்தால், 2 மில்லிகிராம் கிளிமெபிரைடை 1 ஆக்கலாமா, இரவு வேளை மாத்திரையை நிறுத்தலாமா என்று நீங்களே கேட்கலாம். மருத்துவர் அந்த முடிவை எடுக்க அவருக்குத் தேவைப்படுவது அந்த நோட்டுதான்.